ஜெயித்த பணம் ‘பெண்டிங்’கில்: ஒரு புகார்க் கடிதம் எப்படி வேலை செய்கிறது

பந்தயத் தளங்களுக்குப் போகும் புகார்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். “மூணு வாரமா என் பணத்தைப் பிடிச்சு வெச்சிருக்கீங்க, நீங்க எல்லாம் திருடங்க, இன்னும் 24 மணி நேரத்துல வரலேன்னா கோர்ட்டுக்குப் போவேன்” என்று சாட் பெட்டியில் கொட்டிய கோபம். எதிர்முனையில் இருப்பவர் அதற்குத் தயாராக வைத்திருக்கும் பதிலை ஒட்டுவார்: “சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் கோரிக்கை சம்பந்தப்பட்ட குழுவின் பரிசீலனையில் இருக்கிறது.” சாட் மூடப்படும். மறுநாள் அதே கோபம், அதே பதில். இப்படி ஒரு மாதம் ஓடினாலும் சட்டத்தின் கணக்கில் எதுவுமே தொடங்கியிருக்காது.

பந்தயம் கட்டுவது சரியா என்பது வேறு விவாதம். அது சட்டப்படி நடக்கும் நாடுகளில், ஜெயித்த பணத்தைக் காரணம் சொல்லாமல் நிறுத்திவைத்தால் கேட்பதற்கு வழி இருக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி. பிரிட்டனில் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டத்தின் கீழ் அமைந்த சூதாட்ட ஆணையம் பர்மிங்காமில் இயங்குகிறது. பிரிட்டனில் வசிப்பவர்களுக்குச் சேவை தரும் எந்தப் பந்தயத் தளமும், அது ஜிப்ரால்டரிலோ மால்டாவிலோ அலுவலகம் வைத்திருந்தாலும், இந்த ஆணையத்தின் உரிமம் பெற்றாக வேண்டும். ஆணையம் தனிநபருக்காகப் பணத்தை வசூலித்துத் தராது. ஆனால் உரிமத்தோடு அது விதிக்கும் நிபந்தனைகள் இருக்கின்றனவே, கடிதத்துக்குப் பல் முளைப்பது அவற்றால்தான்.

ஒரு கற்பனைக் கணக்கை வைத்துப் பார்க்கலாம். லெஸ்டர் நகரில் இருக்கும் ஒருவர் ஜனவரியில் கணக்குத் தொடங்குகிறார். டெபிட் கார்டில் மொத்தம் 200 பவுண்ட் போட்டிருக்கிறார். நான்கு கால்பந்து ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டிய அக்குமுலேட்டர் பலித்து 3,460 பவுண்ட் கணக்கில் ஏறுகிறது. மார்ச் 3 அன்று அதை எடுக்கக் கோருகிறார். திரையில் ‘பெண்டிங்’ என்று வருகிறது. மார்ச் 5-இல் பாஸ்போர்ட் நகல் கேட்கிறார்கள், அன்றே அனுப்புகிறார். மார்ச் 9-இல் முகவரிச் சான்று கேட்கிறார்கள், வங்கி ஸ்டேட்மெண்ட் போகிறது. அதன்பிறகு மௌனம். சாட்டில் கேட்டால் “பரிசீலனையில்”.

இவர் மார்ச் 26 அன்று அனுப்ப வேண்டிய கடிதம் இப்படி இருக்கலாம். தளத்தின் புகார் நடைமுறைப் பக்கத்தில் கொடுத்திருக்கும் மின்னஞ்சலுக்கு இது ஆங்கிலத்தில் போக வேண்டும். பொருள் விளங்கத் தமிழில் தருகிறேன்.

“பொருள்: முறையான புகார். கணக்கு எண் (இங்கே எண்), மார்ச் 3 தேதியிட்ட 3,460 பவுண்ட் எடுப்புக் கோரிக்கை.

இதை உங்கள் புகார் நடைமுறையின் கீழ் வரும் முறையான புகாராகப் பதிவு செய்து, பெற்றுக்கொண்ட தேதியை எழுத்தில் உறுதி செய்யவும்.

மார்ச் 3 அன்று 3,460 பவுண்ட் எடுக்கக் கோரினேன். மார்ச் 5-இல் நீங்கள் கேட்ட பாஸ்போர்ட் நகலை அன்றே அனுப்பினேன். மார்ச் 9-இல் கேட்ட முகவரிச் சான்றையும் அன்றே அனுப்பினேன். இரண்டும் கிடைத்ததாக உங்கள் மின்னஞ்சல்கள் சொல்கின்றன, அவற்றை இணைத்திருக்கிறேன். இன்றுவரை பணமும் வரவில்லை, காரணமும் சொல்லப்படவில்லை.

என்னிடமிருந்து இன்னும் ஏதேனும் ஆவணம் வர வேண்டியிருக்கிறதா? இருந்தால் எது, எந்த விதியின் கீழ் என்று குறிப்பிடவும். அதை நான் கணக்குத் தொடங்கியபோதோ பணம் போட்டபோதோ கேட்காமல், எடுக்கும்போது கேட்பதற்கான காரணத்தையும் சொல்லவும். எதுவும் வர வேண்டியதில்லை என்றால், உங்கள் விதிமுறைகளின் எந்தப் பிரிவின்படி பணம் நிறுத்தப்பட்டிருக்கிறது? சட்டக் காரணத்தால் விளக்கம் தர முடியாத நிலை என்றால் விளக்கம் கேட்கவில்லை; என் தரப்பில் நிலுவை எதுவும் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்தால் போதும்.

நான் வேண்டுவது: 3,460 பவுண்டையும் நான் பணம் போட்ட அதே டெபிட் கார்டுக்கு அனுப்புதல், அல்லது உங்கள் இறுதி நிலைப்பாட்டை எழுத்தில் தருதல். இறுதி நிலைப்பாடு எனக்குச் சாதகமாக இல்லாவிட்டால், நான் அணுக வேண்டிய மாற்றுத் தீர்வு அமைப்பின் பெயரையும் அதில் குறிப்பிடவும்.”

அவ்வளவுதான். திட்டு இல்லை, கெஞ்சல் இல்லை, குடும்பக் கஷ்டம் இல்லை. வரிக்கு வரி காரணம் உண்டு.

முதல் வரியில் உள்ள “முறையான புகார்” என்ற சொல் இல்லாவிட்டால், கடிதத்தை வாடிக்கையாளர் சேவைக் கேள்வி என்று ஒதுக்கிவிட இடம் இருக்கிறது. புகார் என்று பதிவாகிவிட்டால், ஆணையத்தின் விதிப்படி நிறுவனத்துக்கு எட்டு வாரக் கெடு. அதற்குள் தீர்வு சொல்ல வேண்டும், அல்லது ‘இதுதான் எங்கள் முடிவு’ என்று எழுதித் தர வேண்டும். மார்ச் 26-இல் போன கடிதத்துக்கு மே 21 கெடு. சாட்டில் எத்தனை முறை கத்தினாலும் இந்தக் கெடு ஓடத் தொடங்கியது என்று நிரூபிப்பது கடினம்.

இரண்டாவது, “எடுக்கும்போது ஏன் கேட்கிறீர்கள்” என்ற கேள்வி. கடிதத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. 2019 மே 7 முதல் பிரிட்டிஷ் உரிம நிபந்தனைகளில் ஒன்று, வாடிக்கையாளரின் பெயர், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகே அவரை விளையாட விட வேண்டும் என்கிறது. அதே நிபந்தனை இன்னொன்றும் சொல்கிறது: முன்பே நியாயமாகக் கேட்டிருக்கக்கூடிய தகவலை, பணம் எடுக்கும் நேரத்தில் ஒரு தடையாக வைக்கக் கூடாது. வேறு சட்டக் கடமையால் அந்த நேரத்தில்தான் கேட்டாக வேண்டும் என்றால் மட்டும் விலக்கு. இந்த விதி வருவதற்கு முன், பணம் போடும்போது ஒன்றும் கேட்காமல், எடுக்கும்போது ஒவ்வொரு தாளாகக் கேட்டு இழுப்பது தொழிலில் சகஜமாக இருந்தது. நம் லெஸ்டர்காரரிடம் மார்ச்சில் முகவரிச் சான்று கேட்டார்கள் அல்லவா? அவர் முகவரி ஜனவரியிலேயே சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டியது. அதைக் கேள்வியாக எழுதி வைத்தால், பதில் எழுதுபவர் விதியைத் திறந்து பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும்.

மூன்றாவது, “விளக்கம் கேட்கவில்லை, நிலுவை இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்” என்ற வரி. இதைப் பலர் எழுதுவதில்லை, எழுத வேண்டும். நிறுவனம் வாயைத் திறக்காததற்குச் சில நேரம் சட்டமே காரணமாக இருக்கும். பணம் குற்றத்தின் வழியே வந்ததோ என்று சந்தேகம் வந்தால், 2002-ஆம் ஆண்டு குற்ற வருவாய்ச் சட்டத்தின்படி நிறுவனம் தேசியக் குற்ற முகமைக்குத் தெரிவித்து, பணத்தை விடுவிக்க அனுமதி கேட்கும். கேட்டதை வாடிக்கையாளரிடம் சொன்னால் அதுவே குற்றமாகிவிடக்கூடும் என்பதால் ஊழியர் மழுப்பத்தான் செய்வார். முகமைக்குப் பதில் சொல்ல ஏழு வேலை நாள் உண்டு. அதற்குள் மறுக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம். மறுத்தால் மேலும் 31 நாள் காத்திருப்பு. அதற்கு மேல் நீட்டிக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். கூட்டிப் பார்த்தால் சுமார் ஆறு வாரம். ஆக, மூன்று வார மௌனத்தை இந்த வழியில் விளக்கிவிட முடியும். பத்து வார மௌனத்தை அவ்வளவு எளிதில் விளக்க முடியாது. 200 பவுண்ட் போட்டவர் மீது இத்தகைய சந்தேகம் வருவது அபூர்வம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலும் நடப்பது இதைவிடச் சாதாரணமான ஒன்று. அனுப்பிய ஆவணம் சரிபார்ப்பில் விழுந்திருக்கும், அதை யாரும் திரும்பச் சொல்லியிருக்க மாட்டார்கள். புகைப்படத்தில் தாளின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், ஸ்டேட்மெண்ட் மூன்று மாதத்துக்கு முந்தையதாக இருக்கும், கணக்கில் பழைய வீட்டு முகவரி இருக்கும். தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் கட்டத்தில் நிற்கும். வங்கி அட்டையில் அதே பெயர் ஒற்றை இனிஷியலாகச் சுருங்கியிருக்கும். பந்தயக் கணக்கைத் தொடங்கியபோது அவசரத்தில் வீட்டில் கூப்பிடும் பெயரையே போட்டிருப்பார்கள். மூன்று தாளும் ஒரே ஆளுடையவை என்று நமக்குத் தெரியும். பொருத்திப் பார்க்கும் மென்பொருளுக்கு அவை மூன்று ஆட்கள். இப்படி இருந்தால் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது: பாஸ்போர்ட்டில் உள்ள இன்ன பெயரும் வங்கியில் உள்ள இன்ன இனிஷியலும் ஒன்றே என்று. கார்டு நகல் அனுப்பும்போது நடு எண்களை மறைக்கச் சொன்னார்களா, மறைக்காமல் அனுப்பினோமா என்றும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

‘அதே டெபிட் கார்டுக்கு’ என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. பணம் எந்த வழியில் வந்ததோ அந்த வழியில் திருப்பி அனுப்பவே நிறுவனங்கள் விரும்பும். கறுப்புப் பணத்தை இங்கே போட்டு அங்கே எடுப்பதைத் தடுக்கும் ஏற்பாடு இது. நடுவில் “வேறு வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள்” என்று கேட்டால், பரிசீலனை புதிதாகத் தொடங்கும். பிரிட்டனில் கிரெடிட் கார்டால் பந்தயம் கட்டுவது 2020 ஏப்ரல் 14 முதல் தடை. ஆகவே டெபிட் கார்டு மாறிப்போயிருந்தாலோ பழைய கார்டு ரத்தாகியிருந்தாலோ மட்டும், வங்கியின் கடிதத்தோடு அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பணம் பெண்டிங்கில் நிற்கும் காலம் ஏன் ஆபத்தானது என்பதற்கு ஒரு பழைய பொத்தானைச் சொல்ல வேண்டும். எடுக்கக் கோரிய பணத்தை, கோரிக்கையை ரத்து செய்து மீண்டும் விளையாட்டுக்கே எடுத்துக்கொள்ளும் வசதி பல தளங்களில் இருந்தது. மூன்று நாள் காத்திருக்கும் ஒருவன் மூன்றாம் நாள் இரவு என்ன செய்வான் என்று அதை வடிவமைத்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஜெயித்த பணம் வங்கிக்குப் போகாமல் மேசைக்கே திரும்பும். பிரிட்டிஷ் ஆணையம் இந்த வசதியை 2021-இல் நிரந்தரமாகத் தடைசெய்தது. அந்த ஆண்டு அக்டோபர் 31-இலிருந்து அமல். இன்று ஒரு தளத்தில் ‘எடுப்பை ரத்து செய்’ என்ற பொத்தானைப் பார்த்தால், அது பிரிட்டிஷ் விதியை மதிக்காத தளம் என்று எடுத்துக்கொள்ளலாம். தாமதம் எல்லாமே இந்த நோக்கத்தோடுதான் நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் காத்திருப்பு நீண்டால் லாபம் யாருக்கு என்பது ஒளிவுமறைவான விஷயமில்லை.

இந்தக் கடிதம் போன பிறகு மூன்றில் ஒன்று நடக்கும். சில நாளில் பணம் வரும். தூங்கிக்கொண்டிருந்த கோப்பை யாரோ திறந்து பார்த்திருப்பார்கள். அல்லது புதிதாக ஓர் ஆவணம் கேட்பார்கள், உதாரணமாக சம்பளச் சீட்டு. ஏன் இப்போது என்று எழுத்தில் கேட்டுவிட்டு, நியாயமாக இருந்தால் கொடுத்துவிடுவதே நடைமுறைக்கு ஏற்றது. பிடிவாதம் பிடித்தால் “வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை” என்று கோப்பில் ஏறும். மூன்றாவது, மறுபடியும் மௌனம். அப்போது மே 21 வரை பொறுத்திருக்க வேண்டும். இடையில் செய்யக்கூடிய பயனுள்ள வேலை ஒன்று உண்டு: தனிக் கடிதமாக, என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் தரவுகள் அனைத்தின் நகலும் வேண்டும் என்று கேட்பது. தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். சாட் பதிவுகளும், கணக்கில் ஊழியர்கள் எழுதிவைத்த குறிப்புகளும் அதில் வரும். “ஆவணம் மங்கல், நிராகரிக்கப்பட்டது, மார்ச் 10” என்று ஒரு வரி அதில் கிடைத்தால் புதிர் முழுதும் அவிழ்ந்துவிடும். புகாரோடு இதைக் கலந்து எழுதக் கூடாது; இரண்டு வேறு மேசை, இரண்டு வேறு கெடு.

எட்டு வாரம் முடிந்தாலோ, அதற்கு முன்பே ‘இதுதான் இறுதி முடிவு’ என்ற கடிதம் வந்தாலோ, வழக்கு வெளியாள் கையில் போகும். உரிமம் பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் ஒரு மாற்றுத் தீர்வு அமைப்போடு இணைந்திருக்க வேண்டும். வாடிக்கையாளருக்குச் செலவில்லை. இவற்றில் பரவலாக அறியப்பட்டது ஐபாஸ் எனப்படும் சுதந்திரப் பந்தயத் தீர்ப்புச் சேவை; 1998-இலிருந்து இயங்குகிறது. அது தொடங்கிய நாளில் பிரிட்டனில் பந்தயக் கடனை நீதிமன்றத்தில் வசூலிக்கவே முடியாது; 1845-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அந்தக் கதவை அடைத்திருந்தது. 2007 செப்டம்பரில்தான் அது திறந்தது. இன்று பந்தய ஒப்பந்தம் என்ற ஒரே காரணத்துக்காக வழக்கைத் தள்ள முடியாது. ஒரு பிளாக்ஜாக் விளையாட்டில் 17 லட்சம் பவுண்டுக்கு மேல் ஜெயித்தவரிடம் “மென்பொருள் கோளாறு” என்று சொல்லிப் பணம் தர மறுத்த பெட்ஃப்ரெட் நிறுவனத்துக்கு எதிராக, 2021 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜெயித்தது 2018 ஜனவரியில். மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மாற்றுத் தீர்வு அமைப்பு கேட்பது காகிதங்களை மட்டும்தான். அங்கே வாய்ச்சண்டைக்கு இடமில்லை. கோப்பு முழுமையாகக் கிடைத்த நாளிலிருந்து 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. நம் லெஸ்டர்காரரின் மார்ச் 26 கடிதமும், இணைத்த மின்னஞ்சல்களும், ‘பெண்டிங்’ என்று தேதியோடு காட்டும் திரைப்படங்களும் இருந்தால் அவர் பக்கம் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். ஆகவே கணக்கை மூடிவிடுவார்களோ என்ற பயம் இருந்தால், முதல் நாளே பரிவர்த்தனைப் பட்டியலைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கு பூட்டப்பட்ட பிறகு அதைப் பார்க்க முடியாது.

இத்தனையும் ஒரே ஒரு அடித்தளத்தில் நிற்கிறது: உரிமம். எழுதும் முன் தளத்தின் அடியில் இருக்கும் உரிம எண்ணை எடுத்து, ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் தேடிப் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் வரும் பெயர் ஒன்றாகவும், உரிமம் வைத்திருக்கும் கம்பெனி வேறொன்றாகவும் இருக்கும். கடிதம் கம்பெனி பெயருக்குப் போக வேண்டும். பதிவேட்டில் நீங்கள் பயன்படுத்தும் இணைய முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள். எண் உண்மையாக இருந்து முகவரி இல்லாவிட்டால், யாரோ வேறொருவரின் எண்ணைத் திருடி ஒட்டியிருக்கிறார்கள். கரீபியன் தீவு ஒன்றின் உரிமத்தை மட்டும் காட்டும் தளத்துக்கு எட்டு வாரக் கெடுவும் இல்லை, ஐபாஸும் இல்லை.

இந்தியாவில் இருப்பவர்கள் நிலை இதைவிடத் தெளிவு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு பந்தய ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது. ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. 2025-இல் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்துவதையே தடைசெய்கிறது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. இங்கே பணம் பிடித்து வைத்திருக்கும் தளத்துக்கு மேலே சொன்ன கடிதத்தை எத்தனை அழகாக எழுதினாலும் படிக்க ஆளிருக்காது. பதிலாக ஒரு வாட்ஸ்அப் செய்தி வரும்: “உங்கள் 2 லட்சம் தயார், முதலில் 30 சதவீத வரியைக் கட்டுங்கள்.” நமக்குத் தர வேண்டிய பணத்திலிருந்தே கழித்துக்கொள்ள முடியாத வரி என்று ஒன்று கிடையாது. அதைக் கட்டினால் அடுத்து ‘கணக்கை விடுவிக்கும் கட்டணம்’ வரும். ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால், எந்தக் கணக்குக்குப் போனது என்ற விவரத்தோடு உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் பதிவு செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, போய்ச் சேர்ந்த கணக்கில் பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு.